பாலிசி நடப்பில் இருந்தும் கேஷ்லெஸ் மறுப்பு: மறுத்தது யார், யாருக்கு எழுதுவது, என்ன எழுதுவது

பிரீமியம் கட்டியாயிற்று, அட்டை கையில் இருக்கிறது, மருத்துவமனையின் பெயரும் நெட்வொர்க் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் "உங்களுக்கு கேஷ்லெஸ் வராது, அட்வான்ஸ் கட்டுங்கள்" என்கிறார்கள். 2025 ஆகஸ்டில் தனியார் மருத்துவமனைகளின் சங்கம் ஒன்று, செப்டம்பர் 1 முதல் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு கேஷ்லெஸ் வசதியை நிறுத்தும்படி வட இந்தியாவிலுள்ள தன் உறுப்பினர்களிடம் சொன்னது. அப்போதுதான் பலரும் முதன்முறையாக இந்தக் கேள்வியைக் கேட்டார்கள்: பாலிசி செல்லுபடியாகும்போது மருத்துவமனை எப்படி மறுக்க முடியும்?

முடியும். எப்படி என்று புரிந்துகொண்டால்தான் புகார்க் கடிதம் சரியான ஆளிடம், சரியான வாசகத்தோடு போகும். பெரும்பாலான கடிதங்கள் தோற்பது இங்கேதான். காப்பீட்டு நிறுவனத்தின் மீது கோபத்தைக் கொட்டி இரண்டு பக்கம் எழுதியிருப்பார்கள். ஆனால் மருத்துவமனை விண்ணப்பத்தையே அனுப்பியிருக்காது.

## கேஷ்லெஸ் என்பது எந்த ஒப்பந்தம்?

ஒரு சிகிச்சையில் இரண்டு ஒப்பந்தங்கள் சந்திக்கின்றன. முதலாவது பாலிசி. அது உங்களுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையில் உள்ளது. செலவை ஏற்பதாக நிறுவனம் அதில் உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. இரண்டாவது, நிறுவனத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையிலான நெட்வொர்க் ஒப்பந்தம். எந்த சிகிச்சைக்கு என்ன கட்டணம், பணம் எத்தனை நாளில் வந்து சேரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் ஒரு தரப்பு அல்ல.

செலவை ஏற்கும் கடமை முதல் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. உங்கள் கையிலிருந்து பணம் வாங்காமல் சிகிச்சை தரும் வசதி இரண்டாவதிலிருந்து வருகிறது. கட்டணத் தகராறில் இரண்டாவது ஒப்பந்தம் முறிந்தாலும் முதலாவது அப்படியே நிற்கும். அதனால் கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது என்பதற்கு கிளெய்ம் மறுக்கப்பட்டது என்று பொருள் இல்லை. கேஷ்லெஸ் கிடைக்காவிட்டால் மருத்துவர் சொன்ன சிகிச்சையைப் பெற்றுக்கொண்டு, பிறகு ஆவணங்களைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று பாலிசி வாசகத்திலேயே இருக்கும். இதை ரீஇம்பர்ஸ்மென்ட் என்கிறார்கள்.

இடையில் டிபிஏ என்ற மூன்றாம் தரப்பு நிர்வாக நிறுவனமும் இருக்கலாம். அது கோப்புகளைக் கையாளும் முகவர் மட்டுமே. கிளெய்மை ஏற்பதோ மறுப்பதோ காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு. "டிபிஏ ரிஜெக்ட் பண்ணிவிட்டது" என்று டெஸ்க்கில் சொன்னாலும், நீங்கள் எழுத வேண்டியது நிறுவனத்துக்குத்தான். டிபிஏவுக்கு நகல் போதும்.

## மறுத்தது யார் என்று கண்டுபிடிப்பது

மருத்துவமனையில் கேஷ்லெஸ் கோரும்போது முன் அனுமதிப் படிவம் ஒன்றை நிரப்புவார்கள். பேச்சு வழக்கில் அது பிரீ-ஆத். ஒரு பகுதியை நீங்கள் நிரப்புவீர்கள். நோய், அது எவ்வளவு காலமாக இருக்கிறது, உத்தேசச் செலவு ஆகியவற்றை மருத்துவர் நிரப்புவார். டெஸ்க் அதை நிறுவனத்துக்கோ டிபிஏவுக்கோ அனுப்பும். அனுப்பியதும் ஒரு கிளெய்ம் எண் உருவாகி, பதிவான கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும்.

முதல் சோதனை அந்த எண்தான். டெஸ்க்கில் கேளுங்கள்; அல்லது நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணில் பாலிசி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கிடைக்கும் பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1. கிளெய்ம் எண்ணே இல்லை. மருத்துவமனை விண்ணப்பத்தை அனுப்பவில்லை என்று பொருள். நெட்வொர்க் ஒப்பந்தம் முடிந்திருக்கலாம், பழைய பாக்கிக்காக மருத்துவமனை நிறுத்தி வைத்திருக்கலாம், டெஸ்க் ஊழியர் வேலையைத் தள்ளிப்போட்டிருக்கலாம். மறுத்தது மருத்துவமனை.

2. எண் இருக்கிறது, ஆனால் "கேள்வி எழுப்பப்பட்டுள்ளது" என்கிறார்கள். நிறுவனம் கூடுதல் ஆவணம் கேட்டு, மருத்துவமனையின் பதிலுக்குக் காத்திருக்கிறது. இன்னும் யாரும் மறுக்கவில்லை. டெஸ்க்கில் மட்டும் இதையும் "வராது" என்றே சொல்லிவிடுவார்கள்.

3. எண் இருக்கிறது, மறுப்புக் கடிதமும் வந்துவிட்டது. மறுத்தது நிறுவனம். கடிதத்தின் நகல் உங்களுக்கு வேண்டும். வாய்மொழிச் சுருக்கம் போதாது.

நேரக் கணக்கு இங்கே முக்கியமாகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே 29 அன்று வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டு முதன்மைச் சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் கோரிக்கை வந்து சேர்ந்ததும் நிறுவனம் உடனே முடிவெடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. டிஸ்சார்ஜின்போது மருத்துவமனையின் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும்.

ஆனால் கேள்வி எழுப்பிவிட்டால், பதில் வந்து சேர்ந்த நேரத்திலிருந்துதான் நடைமுறையில் கணக்கை மறுபடி தொடங்குகிறார்கள். ஆகவே கோரிக்கை எத்தனை மணிக்குப் போனது, கேள்வி எப்போது வந்தது, பதில் எப்போது போனது என்ற மூன்று நேரங்களையும் டெஸ்க்கின் கணினித் திரையிலிருந்தே படமெடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் "நாங்கள் தாமதிக்கவில்லை" என்று இரு தரப்பும் சொல்லும்போது உங்களிடம் இருக்கும் சான்று இதுதான்.

## மறுப்புக் கடிதத்தை வாசிப்பது

மறுப்பு என்றால் பாலிசியின் எந்த நிபந்தனையின்படி என்று நிறுவனம் குறிப்பிட்டாக வேண்டும். பொதுவான விலக்குகளுக்கு எல்லா நிறுவனங்களும் ஒரே குறியீட்டைப் பயன்படுத்துகின்றன. `Excl01` என்றால் பாலிசிக்கு முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம். `Excl02` என்றால் பட்டியலிட்ட சில நோய்களுக்கான காத்திருப்பு. `Excl03` என்றால் முதல் 30 நாள். `Excl04` என்றால் பரிசோதனைக்காக மட்டுமே அட்மிட் ஆனது. கடிதத்தில் குறியீடு இருந்தால் பாலிசிப் புத்தகத்தில் அந்தப் பத்தியை எடுத்து வரிக்கு வரி படியுங்கள்.

`Excl11` மட்டும் வேறு வகை. நிறுவனம் விலக்கி வைத்த மருத்துவமனைகளின் பட்டியல் அது. அங்கே சிகிச்சை பெற்றால் ரீஇம்பர்ஸ்மென்ட்டும் கிடைக்காது. உயிருக்கு ஆபத்தான அவசரத்திலோ விபத்திலோ மட்டும், நோயாளியின் நிலை சீராகும் வரையிலான செலவைத் தருவார்கள். நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனை வேறு, விலக்கப்பட்ட மருத்துவமனை வேறு. பணம் கட்டி அறுவை சிகிச்சைக்குப் போவதற்கு முன் இந்த ஒன்றை நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும்.

குறியீடே இல்லாத மறுப்புகள்தான் அதிகம் குழப்புகின்றன. "பழைய நோயாக இருக்கும் சாத்தியத்தை இந்தக் கட்டத்தில் விலக்க முடியவில்லை" என்பது அடிக்கடி வரும் வாசகம். நிறுவனம் அதில் முடிவு எதையும் சொல்லவில்லை. ஐயத்தை மட்டும் சொல்கிறது. ஐயத்தைத் தீர்க்கும் ஆவணம் எது என்று யோசித்தால் கடிதம் தானாக உருவாகும்.

## ஒரு எடுத்துக்காட்டு

இந்த வழக்கமான சிக்கலை விளக்கக் கற்பனையாக ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் 54 வயதுப் பெண்மணி. பாலிசி 2023 ஜூனில் தொடங்கி இடைவெளியின்றிப் புதுப்பிக்கப்படுகிறது. காப்பீட்டுத் தொகை 5 லட்சம். 2025 நவம்பர் 10, திங்கள் காலை கடும் வயிற்றுவலியோடு அட்மிட் ஆகிறார். ஸ்கேனில் குடல்வால் அழற்சி என்று தெரிகிறது. அன்று மாலையே அறுவை சிகிச்சை, உத்தேசச் செலவு 1,15,000 ரூபாய்.

காலை 10.20க்குக் கோரிக்கை போகிறது. 11.05க்குக் கேள்வி வருகிறது: "சர்க்கரை நோய் எப்போதிலிருந்து?" டெஸ்க் பிற்பகல் 2.40 வரை பதில் அனுப்பவில்லை. அனுப்பியபோது, அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதிய கேஸ் ஷீட்டை அப்படியே இணைத்துவிட்டது. அதில் "சர்க்கரை, 5 ஆண்டுகள்" என்று இருக்கிறது. 3.30க்கு மறுப்பு: நோய் பாலிசிக்கு முந்தையது, பாலிசி எடுக்கும்போது நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தில் தெரிவிக்கவில்லை.

உண்மையில் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டது 2025 ஜூனில். ஐந்து மாதம்தான் ஆகிறது. வலியில் துடிப்பவரிடம் கேட்டு அவசரமாக எழுதும்போது "மாதம்" என்பது "ஆண்டு" ஆகிவிடுகிறது. நோயின் கால அளவு என்ற அந்த ஒரு கட்டம் பிழையாக நிரம்பியதால் விழும் மறுப்புகள் ஏராளம்.

மகள் என்ன எழுதுவார்? "குடல்வாலுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?" என்றுதான் முதலில் தோன்றும். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது; ஆனாலும் அதை முதலில் வைக்கக் கூடாது. நிறுவனம் சொல்வது உண்மை மறைக்கப்பட்டது என்பது. அது முழு பாலிசியையும் தொடும் குற்றச்சாட்டு. பாலிசி 60 மாதம் தொடர்ந்து நடந்திருந்தால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. இங்கே 29 மாதம்தான் ஆகியிருக்கிறது. அந்தப் பாதுகாப்பு இன்னும் வரவில்லை. ஆகவே முதலில் உடைக்க வேண்டியது "5 ஆண்டுகள்" என்ற தகவலை.

அதற்கு இரண்டு ஆவணங்கள் போதும். ஒன்று, 2025 ஜூனில் சர்க்கரை முதன்முதலாகத் தெரிந்த ரத்தப் பரிசோதனை அறிக்கையும் முதல் மருந்துச் சீட்டும். மற்றொன்று, சிகிச்சை தரும் மருத்துவர் தன் லெட்டர்பேடில் கையெழுத்து, முத்திரை, பதிவு எண்ணோடு தரும் விளக்கம்: கேஸ் ஷீட்டில் கால அளவு தவறாகப் பதிவானது, பழைய அறிக்கைகளைப் பார்த்ததில் சரியான காலம் 5 மாதம். பழைய பதிவின் மேல் அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள். திருத்திய கேஸ் ஷீட் புதிய சந்தேகத்தைக் கிளப்பும். பதிவு அப்படியே இருக்க, தனிக் கடிதம் இருப்பதே வலு.

## மேல்முறையீட்டு மின்னஞ்சல்

நிறுவனத்தின் கேஷ்லெஸ் பிரிவுக்கும் குறைதீர் அலுவலருக்கும் ஒரே மின்னஞ்சலாகப் போக வேண்டும். குறைதீர் அலுவலரின் முகவரி பாலிசி ஆவணத்திலேயே இருக்கும். டிபிஏவுக்கும் மருத்துவமனை இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கும் நகல். பொருள் வரியில் பாலிசி எண், கிளெய்ம் எண், "நோயாளி தற்போது அனுமதியில், கேஷ்லெஸ் மறுப்பை மறுபரிசீலனை செய்யக் கோரிக்கை" என்ற மூன்றும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதினால் வேறு ஊரில் இருக்கும் பிரிவில் கோப்பு வேகமாக நகரும்.

உடல்பகுதி ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நம் எடுத்துக்காட்டில் அது இப்படி அமையும்:

1. "பாலிசி 2023 ஜூன் முதல் இடைவெளியின்றி நடப்பில் உள்ளது. என் தாயார் 10.11.2025 காலை கடுமையான குடல்வால் அழற்சியோடு அனுமதிக்கப்பட்டார். இன்று மாலை அறுவை சிகிச்சை."

2. "கோரிக்கை 10.20க்கும், உங்கள் கேள்வி 11.05க்கும், மருத்துவமனையின் பதில் 2.40க்கும், மறுப்பு 3.30க்கும் பதிவாகியுள்ளன. கணினித் திரையின் படங்கள் இணைப்பு 1."

3. "மறுப்புக்குக் காரணமான '5 ஆண்டுகள்' என்ற பதிவு பிழையானது. சர்க்கரை முதன்முதலாக 2025 ஜூனில் கண்டறியப்பட்டது. பரிசோதனை அறிக்கை, மருந்துச் சீட்டு இணைப்பு 2. மருத்துவரின் விளக்கக் கடிதம் இணைப்பு 3. பாலிசி எடுத்தபோது இல்லாத நோயை முன்மொழிவில் தெரிவித்திருக்க இயலாது."

4. "தற்போதைய சிகிச்சை குடல்வாலுக்கானது. இதற்கு எந்தக் காத்திருப்புக் காலமும் மீதமில்லை."

5. "எனவே கேஷ்லெஸ் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள் வழங்கக் கோருகிறேன். மறுப்பைத் தொடர்வதாக இருந்தால் எந்த நிபந்தனையின்படி, எந்த ஆவணத்தின் அடிப்படையில் என்று எழுத்தில் தெரிவிக்கவும். அவசரம் காரணமாக நாங்கள் முன்பணம் கட்டுவது கேஷ்லெஸ் உரிமையையோ கிளெய்மையோ கைவிடுவதாகாது."

கடைசி வாக்கியத்துக்கு ஒரு காரணம் உண்டு. முன்பணம் வாங்கும்போது சில மருத்துவமனைகள் "என் விருப்பத்தின் பேரில் பணம் கட்டி சிகிச்சை பெறுகிறேன்" என்று அச்சிட்ட தாளில் கையெழுத்துக் கேட்கும். கையெழுத்துக்கு மேலே "கேஷ்லெஸ் மறுக்கப்பட்டதால்" என்று கையால் எழுதி, தேதி, நேரம் போட்டு, நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சல் போன பிறகு கட்டணமில்லா எண்ணில் அழைத்து, அது கோப்பில் சேர்ந்ததா என்று கேட்டு, புகார் எண் வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஏஜென்டுக்கு அனுப்பியது எழுத்துப்பூர்வ முறையீடாகப் பின்னால் நிற்காது.

சிகிச்சையை இதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. நம் எடுத்துக்காட்டில் குடும்பம் 40,000 ரூபாய் கட்டி அறுவை சிகிச்சைக்கு அனுப்பிவிடுகிறது. மறுநாள் காலை 70,000க்கு முதல் அனுமதி வருகிறது. டிஸ்சார்ஜின்போது பில் 1,08,400. இறுதி அனுமதி 1,01,900. கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற பாலிசியில் சேராதவை 6,500. கட்டிய 40,000இல் அதைக் கழித்து 33,500 ரூபாயை மருத்துவமனை திருப்பித் தர வேண்டும். இதை டிஸ்சார்ஜ் கவுன்டரிலேயே கேட்டு, ரசீதில் வாங்கிவிடுவது நல்லது. வீட்டுக்குப் போனபின் துரத்துவது கடினம்.

## மருத்துவமனையே மறுத்தால்

இங்கேயும் கடிதம் காப்பீட்டு நிறுவனத்துக்குத்தான்; உள்ளடக்கம் மட்டும் மாறுகிறது. மருத்துவ விவாதம் எதுவும் தேவையில்லை. "உங்கள் இணையதளப் பட்டியலில் இந்த மருத்துவமனை நெட்வொர்க் என்று இன்றும் காட்டுகிறது (படம் இணைப்பு). டெஸ்க் இன்று காலை 9.45க்கு என் கோரிக்கையை அனுப்ப மறுத்தது. இங்கேயே கேஷ்லெஸ் ஏற்பாடு செய்யுங்கள், அல்லது அருகில் எந்த மருத்துவமனையில் உறுதியாகக் கிடைக்கும் என்று எழுத்தில் சொல்லுங்கள்" என்பதுதான் முழுச் செய்தி. நோயாளியை மாற்ற முடியாத நிலை என்றால் அதை மருத்துவரிடம் ஒரு வரியில் எழுதி வாங்கி இணைக்கவும்.

மருத்துவமனை எழுத்தில் எதையும் தராது. ஆகவே நீங்களே டெஸ்க்குக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று நேரில் கேட்டபோது கேஷ்லெஸ் கோரிக்கையை அனுப்ப இயலாது என்றீர்கள். தவறெனில் தெரிவிக்கவும்." பதில் வராவிட்டாலும் பதிவு நிற்கும்.

பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் கவுன்சில் 2024 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டின்படி, நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் கேட்கலாம். திட்டமிட்ட சிகிச்சை என்றால் அட்மிஷனுக்கு 48 மணி நேரம் முன்பும், அவசரம் என்றால் அட்மிட் ஆன 48 மணி நேரத்துக்குள்ளும் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் மருத்துவமனையும் சம்மதித்தால்தான் இது நடக்கும். கட்டணத் தகராறில் இருக்கும் மருத்துவமனை சம்மதிப்பது அரிது.

இந்த வகை மறுப்பில் கவனிக்க வேண்டிய இன்னொன்று பில்லின் விலை. கேஷ்லெஸ் இல்லாத நோயாளிக்கு மருத்துவமனை தன் சாதாரணக் கட்டணத்தைப் போடும். அது நெட்வொர்க் விலையைவிட அதிகம். பிறகு ரீஇம்பர்ஸ்மென்ட்டில் "நியாயமான, வழக்கமான கட்டணம் இவ்வளவுதான்" என்று நிறுவனம் வெட்டும். வித்தியாசம் உங்கள் தலையில் விழும். நெட்வொர்க் விலையிலேயே பில் போடும்படி மருத்துவமனையிடம் கேட்பதையும், அதற்கு நிறுவனம் பேச வேண்டும் என்பதையும் அதே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.

ஐஆர்டிஏஐ மருத்துவமனைகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பு அல்ல. அதனால் அங்கே போகும் புகாரை மருத்துவமனையின் பெயரில் எழுதினால் நகராது. "நெட்வொர்க் என்று எனக்குக் காட்டிய வசதியை என் காப்பீட்டு நிறுவனம் தரவில்லை" என்று நிறுவனத்தின் பெயரில் எழுத வேண்டும்.

## பதில் வராவிட்டால்

குறைதீர் அலுவலர் 14 நாளுக்குள் தீர்வு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அல்லது பதில் திருப்தி தராவிட்டால், ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் (`bimabharosa.irdai.gov.in`) பதிவு செய்யலாம். தொலைபேசி எண் 155255. அந்தத் தளம் தீர்ப்பு வழங்காது. புகாரை நிறுவனத்துக்கே அனுப்பிக் கண்காணிக்கும். நிறுவனம் கண்டுகொள்ளாமல் விட்ட கோப்புக்கு இது பயன்படும். தீர்மானித்தே மறுத்த கோப்புக்கு அவ்வளவு பயன்படாது.

இதற்கிடையே ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்கான கெடு ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலான பாலிசிகளில் டிஸ்சார்ஜிலிருந்து 30 நாளுக்குள் ஆவணங்கள் போக வேண்டும். கேஷ்லெஸ் முறையீடு நிலுவையில் இருக்கிறது என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடுபவர்கள் உண்டு. இரண்டும் தனித்தனிப் பாதைகள். டிஸ்சார்ஜ் சம்மரி, பிரித்துக் காட்டிய இறுதி பில், பணம் கட்டிய ரசீதுகள், பரிசோதனை அறிக்கைகள், கேஸ் ஷீட்டின் முழு நகல் ஆகியவற்றோடு மறுப்புக் கடிதத்தையும் உங்கள் மின்னஞ்சலையும் இணைத்து அனுப்பிவிடுங்கள். கிளெய்மை மறுக்க, நிறுவனத்தின் தயாரிப்பு மேலாண்மைக் குழுவோ அதன் மூன்று பேர் கொண்ட கிளெய்ம் மறுஆய்வுக் குழுவோ ஒப்புதல் தர வேண்டும் என்று அதே 2024 சுற்றறிக்கை சொல்கிறது. மறுப்பு வந்தால் அந்த ஒப்புதல் பெறப்பட்டதா என்று எழுதிக் கேளுங்கள்.

அடுத்த படி காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. `cioins.co.in` வழியாகவும் மனு கொடுக்கலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் கூடாது. கோரும் தொகை 50 லட்சம் வரை இருக்கலாம். வாசல் திறக்க ஒரு நிபந்தனை உண்டு: முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும், அது நிராகரிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது பதில் திருப்தி தராததாக இருக்க வேண்டும், அல்லது ஒரு மாதமாகியும் பதில் வராமல் இருக்க வேண்டும். அதன்பின் ஓராண்டுக்குள் மனு போக வேண்டும். ஏற்கெனவே நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார். எந்த வழி என்பதை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தேவையான எல்லாத் தாள்களும் கிடைத்த மூன்று மாதத்துக்குள் ஆம்புட்ஸ்மேன் தீர்ப்பளிக்க வேண்டும். நிறுவனம் அதை 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் புகார்தாரருக்குத் தர வேண்டும். அந்த மேசைக்கு உங்கள் கோப்பு போகும்போது மேலே இருக்க வேண்டிய தாள், மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து அனுப்பிய அந்த ஒரு பக்க மின்னஞ்சல்தான்.